பதினாறு டிகிரி தள்ளி இருந்த கோடு

கால்சைட் பட்டகத்தை நான் மாற்றிவிட்டேன் என்று சொன்னார்கள். மாற்றிவிட்டேன் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. "எப்ப மாறிச்சும்மா?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

தருமபுரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. பாப்பாரப்பட்டி பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். பதினான்கு வருடமாகத் தற்காலிகம்தான். அந்த வருடம்தான் என்னையும் இன்னும் சிலரையும் நிரந்தரம் செய்வதற்கான கோப்பு மேலே போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு மெமோ வந்து கூட ஒட்டிக்கொண்டால் கோப்பு அப்படியே திரும்பி வந்துவிடும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பட்டகம் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. மூன்று பக்கமும் சமமான முக்கோணத் தூண் மாதிரி நிற்கும். கண்ணாடி போலத்தான் இருக்கும், ஆனால் கண்ணாடி இல்லை. கல். பூமியிலிருந்து எடுத்த கல்லை அறுத்துத் தேய்த்துச் செய்தது. கண்ணாடியைவிட ரொம்ப மென்மை. செப்புக் காசு பட்டால்கூடக் கீறல் விழும். மற்ற பட்டகங்களைத் துணியால் துடைப்பேன். இதை மட்டும் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். ஒரு ஓரத்தில் சின்னதாக மங்கல் உண்டு, அது நான் சேரும் முன்பே இருந்தது. பஞ்சு வைத்த மரப்பெட்டிக்குள் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவேன். சாவி என்னிடம் மட்டும். அதனால் மாறியிருந்தால் மாற்றியது நான்தான். வேறு யார்?

வருடா வருடம் மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முன்னால் வெளிச்சம் வளையும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை நான்தான் தயார் செய்து வைப்பேன். சோடியம் விளக்கைப் போட்டுச் சூடேற விட வேண்டும். முதலில் இளஞ்சிவப்பாக முனகிக்கொண்டு இருக்கும், பிறகு மஞ்சளாக நிற்கும். அந்த வெளிச்சம் பிளவு வழியாகப் பட்டகத்துக்குள் போய், இந்தப் பக்கம் வளைந்து வெளியே வரும். தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு மஞ்சள் கோடு தெரியும். கண்ணாடிப் பட்டகம் என்றால் அதோடு சரி. கால்சைட் என்றால் அங்கே நிற்கக் கூடாது. இன்னும் திருப்ப வேண்டும். நிறையத் திருப்ப வேண்டும். ஒன்றுமே இல்லாத இருட்டுக்குள்ளே போய்க்கொண்டே இருந்தால், இனிமேல் இல்லை என்று விட்டுவிடத் தோன்றும் நேரத்தில் இரண்டாவது கோடு வரும்.

உள்ளே போனது ஒரே வெளிச்சம். வெளியே வருவது இரண்டு. முதலில் அகப்படுவது அசாதாரணக் கதிர். தூரத்தில் இருப்பது சாதாரணக் கதிர். அந்தக் கல்லுக்குள் அசாதாரணக் கதிர் வேகமாகப் போகிறது, அதனால் கொஞ்சம்தான் வளைகிறது. சாதாரணக் கதிர் மெதுவாகப் போகிறது, அதிகம் வளைகிறது. இதெல்லாம் நான் படித்ததில்லை. மேசைகளைத் துடைத்துக்கொண்டே பின்னால் நின்று கேட்டதுதான். கணக்கு எனக்கு வராது. ஆனால் கோடு எங்கே நிற்கும் என்று தெரியும். முதல் கோடு முப்பத்தாறு டிகிரியில், இரண்டாவது ஐம்பத்திரண்டில். நடுவே பதினாறு டிகிரி இருட்டு.

அந்த வருடம் ஜனவரியில் புதிதாக ஒரு கௌரவ விரிவுரையாளர் சேர்ந்தார். என் தம்பி வயதுகூட இருக்காது. சேலம் பக்கம் படித்தவர். கெட்ட மனிதர் இல்லை. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் யாரும் உதவி செய்வது அவருக்குப் பிடிக்காது. மாதிரித் தேர்வுக்கு நான் விளக்கையும் பட்டகத்தையும் எடுத்துக்கொண்டு போனதும், "நீங்க வைங்கக்கா, நானே செட் பண்ணிக்கறேன். இதெல்லாம் எங்க வேலை" என்றார்.

வைத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேதான் முதல் தப்பு செய்தேன் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அரை மணி நேரம் கழித்துத் துறைத்தலைவர் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேடம் நல்லவர், ஆனால் எப்போதும் பத்து வேலையில் இருப்பார். அவர் படித்தது மின்னணுவியல் பக்கம். பட்டகம், ஒளி இதிலெல்லாம் புகுந்து பார்ப்பதில்லை.

"மேடம், இது கால்சைட் இல்ல. சாதாக் கண்ணாடி" என்றார் அவர். "ஒரே ஒரு இமேஜ்தான் வருது. ரெண்டு வரணும். எங்க காலேஜ்ல குவார்ட்ஸ்ல பண்ணியிருக்கேன், பக்கத்துப் பக்கத்துலயே ரெண்டும் தெரியும். சரி, இருக்கட்டும்னு ஒளிவிலகல் எண் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று புள்ளி நாலு ஒன்பது வருது. கண்ணாடிக்கு ஒன்றரைதான மேடம்?"

நான் பீரோ பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முதல் கோட்டைப் பிடித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். குவார்ட்ஸும் கல்தான், அதிலும் கோடு இரண்டாகத்தான் வரும். ஆனால் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இருக்காது. தொலைநோக்கிக்குள் இரண்டும் சேர்ந்தே தெரியும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பக்கத்திலேயே தேடியிருக்கிறார். எங்கள் கல்லின் அசாதாரணக் கதிருக்கு வரும் எண் கண்ணாடியின் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் கெட்ட நேரம்.

"இன்னும் திருப்புங்க சார்" என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. அவர்கள் இரண்டு பேர், நாற்பது வயது வரை படித்துக்கொண்டே இருந்தவரும், இப்போதுதான் படித்து முடித்தவரும், என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் குனிந்து பீரோவின் சாவியைத் திருப்பினேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் நிறுத்தம் தாண்டினாலும் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன்.

"எழுத்து மேல வெச்சா ரெண்டா தெரியணும் இல்ல?" என்றார் மேடம். "ஸ்கூல் புக்லயே போட்டிருப்பாங்களே."

மேசையில் கிடந்த செய்தித்தாளின் மேல் பட்டகத்தை நிற்க வைத்தார்கள். மேலிருந்து மேடம் குனிந்து பார்த்தார். விரிவுரையாளரும் பார்த்தார். எழுத்து ஒன்றாகவே இருந்தது.

"ஒண்ணுதாம்மா தெரியுது" என்றார் மேடம் என்னைப் பார்த்து.

"கொஞ்சம் சாஞ்சு..." என்றேன்.

"என்ன?"

"இல்லீங்க மேடம்."

நான் சொல்ல வந்தது சரிதான். அந்தக் கல்லுக்குள் ஒரு திசை இருக்கிறது. அந்தத் திசையில் போகும்போது மட்டும் வெளிச்சம் பிரியாது. எங்கள் பட்டகத்தை அறுத்தவர்கள் அந்தத் திசை மேலும் கீழுமாக, விளிம்போடு சேர்ந்து நிற்கிற மாதிரி அறுத்திருக்கிறார்கள். அப்படி அறுத்தால்தான் பக்கவாட்டில் போகிற வெளிச்சம் நன்றாக இரண்டாகும். மேலிருந்து நேராகப் பார்த்தால் சரியாக அந்தப் பிரியாத திசையிலேயே பார்க்கிறோம். தலையைச் சற்றுச் சாய்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் மெல்லியதாக இன்னொன்று எட்டிப் பார்க்கும். யாரும் சாய்ந்து பார்க்கவில்லை.

"போன தடவை அந்தச் சாய்சதுரக் கல்லும் போச்சில்ல?" என்றார் மேடம்.

அது இன்னொரு கால்சைட் கல், ஒரு மாணவன் கை தவறிப் போட்டது. கீழே விழுந்து நான்கைந்து துண்டானது. ஒவ்வொரு துண்டும் அதே சாய்ந்த வடிவில் உடைந்திருந்தது, அளவுதான் சின்னது. அதையெல்லாம் பொறுக்கி, எழுதிக் கொடுத்து, கழிவில் சேர்த்தது எல்லாமே முறைப்படி நடந்தது. ஆனால் இப்போது அதுவும் என் கணக்கில் வந்து சேர்ந்தது.

"நாளன்னைக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன். வர்றவர் ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் சார். அவருக்கு நான் என்ன சொல்றது? நீயே என்ன நடந்துச்சுன்னு ஒரு விளக்கம் எழுதிக் குடும்மா. எனக்கும் உன்னை மாட்டி விடணும்னு ஆசை இல்ல."

"சரிங்க மேடம்" என்றேன்.

சரி என்று ஏன் சொன்னேன்? இன்று வரை தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

மத்தியானம் வேதியியல் ஆய்வகத்து அக்காவோடு சாப்பிட உட்கார்ந்தேன். அவளும் என்னைப் போலத் தற்காலிகம்தான், ஆனால் வாய்க்காரி. விஷயத்தைச் சொன்னதும் சோற்றுக் கையை நீட்டினாள்.

"ஏன் புள்ள, அவன் தப்பா பாத்தான்னு உனக்குத் தெரியுது இல்ல?"

"தெரியுது."

"அப்ப சொல்றதுக்கு என்ன நோவு?"

"வாய் வரலக்கா."

"இங்க என்கிட்ட மட்டும் நீ பட்டகம், டிகிரின்னு புரொஃபசராட்டம் பேசற. அங்க போனா பூனையாட்டம் நிக்கற. நீ விளக்கம் எழுதினா என்ன அர்த்தம் தெரியுமா? தொலைச்சேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். எழுதாத."

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா திமிருன்னு சொல்லுவாங்க" என்று சிரித்தாள். "எப்படிப் பாத்தாலும் நமக்குத்தான். மோர் ஊத்தட்டுமா?"

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மனதுக்குள் பேசிப் பார்த்தேன். சார், இது கண்ணாடி இல்லைங்க. சார், நீங்க பாத்தது பாதிதான். எல்லாம் அழகாக வந்தது. பாப்பாரப்பட்டி வருவதற்குள் மூன்று தடவை அவரை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத்தாள் எடுத்து, "மதிப்பிற்குரிய" என்று எழுதினேன். அதற்கு மேல் எதை எழுதினாலும் தொலைத்தவள் எழுதிய மாதிரியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தேன். வாயால் ஆகாது, கையால் செய்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். விளக்கைப் போட்டுச் சூடேற்றினேன். பிளவைச் சன்னமாக்கினேன். பட்டகத்தை மேடையில் வைத்து மெல்லத் திருகினேன். கோடு ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, தயங்கி, வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்பும் இடம்தான் வேண்டும். முப்பத்தாறு. பிறகு தொலைநோக்கியை இருட்டுக்குள் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டாவது கோடு வந்தது. மறுபடி மேடையைத் திருகி, அது திரும்பும் இடத்தைப் பிடித்தேன். ஐம்பத்திரண்டு. தொலைநோக்கியை அங்கேயே வைத்து இறுக்கினேன். பக்கத்தில் ஒரு தாளில் இரண்டு அளவுகளையும் எழுதி வைத்தேன். யார் வந்து குனிந்தாலும் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

விரிவுரையாளர் வந்தார். "யாருக்கா இதைத் தொட்டது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் திருகாணியைத் தளர்த்தி, தொலைநோக்கியை நேர்கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "வெரிஃபிகேஷன் முடியற வரைக்கும் எதையும் மாத்தாதீங்கக்கா. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்." தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

அடுத்த நாள் வரலாற்றுத் துறை சார் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருப்பவர். கையில் ரிஜிஸ்டர், காதில் பேனா. ஒவ்வொரு பொருளாகப் பெயர் படிப்பார், நான் எடுத்துக் காட்டுவேன், டிக் போடுவார். "இது என்னங்க?" என்று கேட்பார், சொன்னால் "ஓ" என்பார். மேடம் வகுப்பில் இருந்தார். விரிவுரையாளர் எங்களுக்கு முன்னால் நின்றார்.

"கால்சைட் பட்டகம், ஒன்று" என்று படித்தார்.

"அது மிஸ்ஸிங் சார்" என்றார் விரிவுரையாளர். "பாக்ஸ்ல இருக்கறது கண்ணாடி. இவங்க விளக்கம் குடுப்பாங்க."

சார் காதிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு மை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை அவருக்கு இயற்பியல் தெரியாது என்பதால் இருக்கலாம். தெரியாதவரிடம் பேசுவது எனக்கு எளிது.

"சார், எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க சார்."

"நான் என்னங்க பாக்கறது? நான் அசோகர் மரம் நட்டதைப் பாடம் எடுக்கறவன்."

"கோடு தெரியுதா இல்லையான்னு மட்டும் பாருங்க சார். போதும்."

விளக்கு விரிவுரையாளரின் வேலைக்காக எரிந்துகொண்டுதான் இருந்தது. பட்டகத்தை மேடையில் வைத்து முதல் கோட்டைப் பிடித்துக் கொடுத்தேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"மஞ்சளா ஒண்ணு நிக்குது."

"கண்ணை எடுக்காதீங்க சார்." தொலைநோக்கியைத் திருப்ப ஆரம்பித்தேன். அவரும் கண்ணை ஒட்டியபடியே கூடவே நகர்ந்தார்.

"போயிடுச்சு. இருட்டு. இருட்டு. என்னம்மா, ஈரோடு வரைக்கும் போவீங்களா?"

"இன்னும் கொஞ்சம் சார்."

"இருட்டு... ஏ, வந்துடுச்சு! இன்னொண்ணு வந்துடுச்சு!"

விரிவுரையாளர் பக்கத்தில் வந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் அடைத்துக்கொள்ளும் என்று தெரியும். ஒரு திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் போலராய்டு வட்டை எடுத்துத் தொலைநோக்கியின் முன்னால் பிடித்துத் திருகினேன்.

"மங்குது... அணைஞ்சே போச்சு" என்றார் சார்.

வட்டை அப்படியே பிடித்துக்கொண்டு முதல் கோட்டுக்குத் திரும்பினேன். அது பளிச்சென்று எரிந்தது. வட்டைக் கால் சுற்றுத் திருப்பினேன். அது அணைந்தது. மறுபடி இரண்டாவதற்குப் போனேன். இப்போது அது எரிந்தது. ஒன்று மேலும் கீழுமாக அதிர்கிற வெளிச்சம், இன்னொன்று பக்கவாட்டில் அதிர்கிற வெளிச்சம். கண்ணாடியிலிருந்து வரும் கோட்டை இப்படி அணைக்க முடியாது.

"நீங்க பாருங்க தம்பி" என்று சார் எழுந்தார்.

விரிவுரையாளர் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்திருந்தார். தானே திருப்பினார், தானே அளவு எடுத்தார், செல்போனில் கணக்குப் போட்டார். ஒன்று புள்ளி ஆறு ஆறு வந்தது. புத்தகத்தைத் திறந்து பார்த்தார். காது சிவந்திருந்தது.

"கால்சைட்டுக்கு டிஃபரன்ஸ் அதிகம். தெரியும் எனக்கு" என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல். "அன்னைக்கு அவசரத்துல விட்டுட்டேன்."

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மேடம் வந்தார், கேட்டார், சந்தோஷப்பட்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தெரிஞ்சா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு நாளா எல்லாருக்கும் டென்ஷன்" என்றார். எல்லாருக்கும்!

சாயங்காலம் கையெழுத்துப் போட ரிஜிஸ்டர் என்னிடம் வந்தது. கால்சைட் பட்டகத்துக்கு நேராகக் குறிப்புக் கட்டத்தில் விரிவுரையாளர் கையெழுத்தில் இருந்தது: "காணாமல் போனதாகக் கருதப்பட்ட பொருள் உதவியாளரால் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது."

மூன்று தடவை படித்தேன். ஒப்படைப்பதற்கு நான் எங்கே கொண்டு போனேன்? இந்தப் பக்கத்தின் நகல்தான் அலுவலகத்துக்குப் போகும். என் கோப்பைப் பார்ப்பவருக்குக் கல்லும் தெரியாது, கதிரும் தெரியாது. எடுத்துக்கொண்டு போனவள், மாட்டிக்கொண்டதும் கொண்டுவந்து வைத்தாள் என்றுதான் படிப்பார்.

மேடம் அறைக்குப் போனேன். விரிவுரையாளரும் அங்கே இருந்தார்.

"இந்த வரி வேண்டாங்க மேடம்."

"பொருள் இருக்குன்னுதானம்மா போட்டிருக்கு. எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லைங்க மேடம். அது போகவே இல்லை. போனாதான வர்றதுக்கு?"

"அக்கா, அடிச்சுத் திருத்தினா ஆடிட்ல கேப்பாங்க" என்றார் அவர்.

"அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேங்க சார்."

சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. மேடம் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "என்னம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கற? இவ்வளவு நாள் நல்லா இருந்த."

மூன்று நாள் அந்த ரிஜிஸ்டர் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது. மூன்று நாளும் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் வரலாற்று சார் தன் வேலை முடியவில்லையே என்று வந்தார். வரியைப் படித்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே, "பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது. சோதனையில் கால்சைட் என உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "ஆடிட்ல கேட்டா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. பழைய ஆவணத்தைத் திருத்தறது எங்க டிபார்ட்மெண்ட் வேலைதான்." நானும் போட்டேன்.

அடித்த வரி சிவப்புக் கோட்டுக்கு அடியில் இன்னும் நன்றாகவே படிக்க முடிகிறது.

அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. விரிவுரையாளர் மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு, "முதல் கோடு வந்ததும் நிக்கக் கூடாது. நல்லாத் திருப்பணும். நிறையப் பேரு இங்கதான் ஏமாறுவாங்க" என்று சொல்லிக் கொடுத்தார். சரியாகத்தான் சொன்னார். நான் விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். அவர் சிரித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

மேலே போன கோப்புக்கு உத்தரவு இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.